கிணறு, குளம், ஆறு: கடலூர்ப் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளுக்கான தண்ணீர்ப் பாதுகாப்பு வகுப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. மூன்றாவது முதல் ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளைகள். எதைச் சொல்லிக்கொடுப்பது?

இரண்டே விதிகள் போதும். ஒன்று: நீச்சல் தெரிந்த பெரியவர் கரையில் நின்று பார்க்காத தண்ணீரில் இறங்காதே. இரண்டு: கூட வந்தவர் முழுகினால் அவரைப் பிடிக்க நீ இறங்காதே, கத்து, நீட்டு, எறி.

முதல் விதியைப் பிள்ளைகள் வீட்டிலேயே நூறு முறை கேட்டிருப்பார்கள். இரண்டாவதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் வகுப்பின் முக்கால் பங்கு நேரத்தை இரண்டாவது விதிக்கே ஒதுக்குங்கள். 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப் போனவர்களில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அந்த ஏழில் அடக்கம். ஒருவர் சிக்க, அடுத்தவர் கைகொடுக்கப் போய்ச் சிக்க, அவருக்காக இன்னொருவர் இறங்குவது நம் ஆறுகளிலும் குளங்களிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. இந்தச் சங்கிலியை அறுப்பதுதான் இந்த வகுப்பின் வேலை.

நீச்சல் தெரிந்த பையன் இருந்தால் அவன் குதித்துத் தூக்கலாமே?

கூடாது. முழுகுகிறவருக்கு அந்த நேரத்தில் யோசனை இருக்காது, மூச்சு மட்டும்தான் வேண்டும். பக்கத்தில் வரும் எதையும் பிடித்து அதன்மேல் ஏறப் பார்ப்பார். வந்தது தம்பியானாலும் அவன் தலையையும் தோளையும் அமுக்கித் தான் மேலே வருவார். பத்து வயதுப் பையன் கிணற்றில் நன்றாக நீந்துவான். தன் எடையே உள்ள இன்னொருவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் அவனால் ஒரு கையைக்கூட வீச முடியாது. நீச்சல் அவனைத்தான் காக்கும், இன்னொருவரை இழுத்து வர உதவாது. பிடியிலிருந்து விடுபடவும், பின்பக்கமாகப் போய்த் தாங்கி இழுக்கவும் தனிப் பயிற்சி வேண்டும். அது பெரியவர்களிலேயே வெகு சிலருக்குத்தான் உண்டு.

பிள்ளைகளிடம் இதை இப்படிச் சொல்லுங்கள்: "கம்ப நீட்டுனா, அவன் இழுத்தாலும் நீ கம்ப விட்டுரலாம். கைய நீட்டுனா, அவன் விடமாட்டான்." கையை நீட்டக்கூடாது என்பதற்கான காரணம் இந்த ஒரு வரியில் அவர்களுக்கு விளங்கிவிடும்.

முழுகுகிறவர் கத்துவாரே, அப்போது தெரிந்துவிடாதா?

பெரும்பாலும் கத்தமாட்டார். கத்த வேண்டுமானால் முதலில் மூச்சு விட வேண்டும். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது ஒரு வாய்க் காற்று உள்ளே இழுக்கத்தான் நேரம் இருக்கும். கையை மேலே தூக்கி ஆட்டவும் மாட்டார். இரு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும், முடி கண்ணை மறைத்தாலும் ஒதுக்கமாட்டார். உடம்பு செங்குத்தாக, ஏணி ஏறுவது போல இருக்கும், ஆனால் நகராது. இந்த நிலை 20 முதல் 60 விநாடிகள்தான். அதற்குள் உள்ளே போய்விடுவார்.

கரையில் இருக்கும் பிள்ளைகள் "அவன் வெளையாடுறான்" என்று நினைத்துக்கொள்வதும் இதனால்தான். ஒரு சோதனை கற்றுக்கொடுங்கள்: பேர் சொல்லிக் கூப்பிடு, "என்னடா?" என்று பதில் வரவில்லையா, முழுகுகிறான் என்றே வைத்துக்கொள். தவறாக இருந்தாலும் நட்டமில்லை.

இரண்டாவது விதியை நாடகமாக நடத்திக் காட்டுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் கரையில் நடத்தவே கூடாது. பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ கோலமாவால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் தண்ணீர். தண்ணீர்ப் பக்கத்தில் இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு வட்டம், ஐந்து மீட்டர் தொலைவில் இன்னொரு வட்டம். முழுகுகிறவர் நிற்கும் இடங்கள் இவை. வேண்டிய பொருட்கள்: ஆள் உயர மூங்கில் கம்பு ஒன்று, துப்பட்டா ஒன்று, பழைய புடவை ஒன்று, கயிறு கட்டிய கேன் ஒன்று.

ஒரு குழுவுக்கு ஆறு பேர். முழுகுகிறவர், கத்துகிறவர், நீட்டுகிறவர், அவர் காலைப் பிடித்துக்கொள்கிறவர், ஊருக்குள் ஓடுகிறவர், விரல் காட்டுகிறவர். கடைசி ஆளின் வேலை ஒன்றே ஒன்று: முழுகுகிறவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்த இடத்தை நோக்கி விரல் நீட்டியபடி நிற்பது. ஆள் உள்ளே போய்விட்டால் கலங்கிய தண்ணீரில் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது; எதிர்க்கரை மரம் ஒன்றை அடையாளம் வைத்து விரல் நீட்டியிருந்தால், வருகிற பெரியவர்கள் தேடும் இடம் சுருங்கும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள், அருமையாகச் செய்வார்கள்.

முதல் சுற்றில் எதையும் சொல்லித்தராமல், "உன் கூட்டாளி முழுகுறான், என்ன செய்வ?" என்று மட்டும் கேட்டு விடுங்கள். எப்போதும் ஒரு பையன் கோட்டைத் தாண்டி ஓடுவான். திட்டாதீர்கள். முழுகுகிறவர் அவனைக் கட்டிக்கொள்ளட்டும். இருவரும் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். "இப்ப ரெண்டு பேரு முழுகுறாங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பாருங்கள். இன்னொரு பிள்ளை ஓடும், அதுவும் உட்காரும். நாலைந்து பேர் வட்டத்துக்குள் உட்கார்ந்ததும் நிறுத்தி, கரையில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணச் சொல்லுங்கள். விளக்கமே வேண்டாம்.

இரண்டாம் சுற்று இரண்டு மீட்டர் வட்டத்தில். கத்துகிறவர் முதலில் என்ன, எங்கே என்று கத்த வேண்டும்: "ஓடியாங்க, ஓடியாங்க! அணைக்கட்டுல பையன் முழுகுறான்!" வெறுமனே "ஐயோ" என்றால் விளையாட்டுச் சத்தம் என்று வயலில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். ஓடுகிறவர் அப்போதே ஓட வேண்டும். நீட்டுகிறவர் குப்புறப் படுக்க வேண்டும், மார்பு தரையில் பட வேண்டும். நின்றுகொண்டோ குனிந்துகொண்டோ நீட்டினால் ஒரே இழுப்பில் தலைகுப்புற விழுவார். இன்னொருவர் அவர் கணுக்கால்களை இரு கையாலும் பிடித்து, பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். பிறகுதான் கம்பை நீட்டுவது. "கம்பப் புடி! கம்பப் புடி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும்; தலை சாய்ந்திருப்பவருக்குக் கம்பு கண்ணில் படாது, நெஞ்சில் தட்டினால்தான் பிடிப்பார். மெதுவாக இழுக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பிடி நழுவும்.

கம்பு இல்லையென்றால் துப்பட்டா. அது இரண்டு மீட்டர்தான் வரும். வழியில் வரும் அம்மா ஒருவரின் புடவை ஐந்தரை மீட்டர் எட்டும். முனையில் பெரிய முடிச்சு ஒன்று போட்டால்தான் காற்றில் பறக்காமல் போய் விழும்.

மூன்றாம் சுற்று ஐந்து மீட்டர் வட்டத்தில், கேனை எறிந்து. எல்லாப் பிள்ளைகளும் குறைந்தது மூன்று முறை எறிய வேண்டும். முதல் எறி பாதித் தூரத்தில் விழும். மூன்றாவதில் வட்டத்துக்கு அருகில் போகும்.

எல்லாக் குழுவிலும் மூன்று தவறுகள் வரும். முழுகுகிறவர் "காப்பாத்துங்க" என்று கத்துவார்; அப்போது நிறுத்தி, சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். எல்லோரும் பெரியவரைத் தேடி ஒன்றாக ஓடிவிடுவார்கள், கரையில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். மூன்றாவது, படுக்க மறந்துவிடுவார்கள். ஒருமுறை நீட்டுகிறவரின் கம்பை நீங்களே பலமாக இழுத்துக் காட்டுங்கள், அடுத்த முறை தானாகப் படுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: வீட்டிலோ சொந்தத்திலோ தண்ணீரில் ஆளைப் பறிகொடுத்த பிள்ளை யார் என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு முழுகுகிறவர் வேடம் வேண்டாம். விரும்பினால் மட்டும் கயிறு பிடிக்கட்டும்.

கேன், கயிறு எப்படித் தயார் செய்வது? கடையில் வாங்க வேண்டுமா?

மிதவை வளையம் வாங்க வேண்டிய அவசியமில்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் போதும். கைப்பிடி இருக்க வேண்டும், மூடி இறுக மூட வேண்டும். தண்ணீருக்குள் மனித உடம்பு கிட்டத்தட்ட மிதக்கும் நிலையில்தான் இருக்கிறது. தலையை மட்டும் மேலே நிறுத்தச் சில கிலோ தாங்கல் கிடைத்தால் போதும். அதை இந்தக் கேன் தரும். வெறும் கேனை எறிந்தால் காற்று திருப்பிவிடும். இரண்டு தம்ளர் தண்ணீர் உள்ளே ஊற்றி மூடினால் எறிய வாகான கனம் வந்துவிடும், மிதப்பும் பெரிதாகக் குறையாது.

கயிறு பத்து மீட்டர், பிள்ளையின் சுண்டுவிரல் பருமன். மெல்லிய கயிறு கையை அறுக்கும். தேங்காய்நார்க் கயிறு ஊறினால் கனத்துவிடும்; பிளாஸ்டிக் கயிற்றில் சில வகை மூழ்கும். வாங்கும்போது ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கேனின் கைப்பிடியில் இரட்டை முடிச்சாகக் கட்டுங்கள். மறுமுனையில் ஒரு பெரிய முடிச்சு மட்டும். எறிகிறவர் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது, இடுப்பிலும் கட்டக்கூடாது. காலடியில் மிதித்துக்கொண்டு எறிய வேண்டும்.

முழுகுகிறவரின் தலையைக் குறிவைக்காமல், அவர் தோளைத் தாண்டி விழும்படி எறிந்து, கயிறு அவர்மேல் படும்படி இழுக்க வேண்டும். பிடித்ததும் எறிந்தவர் உடனே உட்கார்ந்து, காலை ஊன்றி இழுக்க வேண்டும்.

கேனைப் பள்ளி அலமாரியில் பூட்டி வைத்தால் பயனில்லை. பிள்ளைகள் குளிக்கும் படித்துறைக்கு அருகே, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் மரத்தில் தொங்க வேண்டும்.

கிணற்றில் விழுந்தால் இதே முறைதானா?

கத்துவது அதேதான். எறிவதும் நீட்டுவதும் இழுப்பதும் வேறு. தரையோடு தரையாக இருக்கும், கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகளில் விளிம்பு மண் சரியும். பார்க்க எட்டிப்போகிற பிள்ளையும் விழும். விளிம்புக்கு மூன்று அடி முன்பே படுத்து, ஊர்ந்துதான் எட்டிப்பார்க்க வேண்டும்.

கேனை எறியாமல் பக்கவாட்டில் மெல்ல இறக்க வேண்டும், உயரத்திலிருந்து விழும் கேன் தலையில் பட்டால் கீழே இருப்பவர் மயங்கிவிடுவார். அவரை மேலே தூக்கப் பிள்ளைகள் முயலக்கூடாது. பாதித் தூரத்தில் பிடி விட்டால் சுவரில் அடிபட்டு விழுவார். கயிற்றின் மறுமுனையை மரத்திலோ மோட்டார் கொட்டகைத் தூணிலோ கட்டிவிட்டு, "கேனக் கட்டிப்புடிச்சிக்க, படிக்கல்லப் புடி, ஆளுங்க வர்றாங்க" என்று விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மிதக்க வைத்தால் போதும், தூக்குவது பெரியவர்கள் வேலை. அவர்களும் இறங்குமுன் மோட்டார் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

நெடுநாள் பயன்படுத்தாத, மூடிக்கிடந்த கிணற்றில் பெரியவர்களும் இறங்கக்கூடாது. அடியில் பிராணவாயு இல்லாமல் போயிருக்கலாம், நச்சுவாயு தங்கியிருக்கலாம். இறங்கியவர் சத்தமில்லாமல் சாய்வார், அவரைத் தூக்க இறங்கியவரும் சாய்வார். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112.

எங்கள் ஊர்க் குளம் இடுப்பளவுதான். பிள்ளைகள் தினமும் குளிக்கிறார்கள். என்ன பயம்?

போன வருடம் இடுப்பளவு இருந்திருக்கலாம். கோடையில் பொக்லைன் விட்டு வண்டல் மண் எடுத்திருந்தால் இந்த வருடம் அது வேறு குளம். பழைய குளத்தின் கரை சரிவாக, அடிவைக்க அடிவைக்க ஆழமாகும். இயந்திரம் தோண்டிய குழியின் பக்கம் சுவர் போல நிற்கும். ஒரு அடி முழங்காலளவு, அடுத்த அடி ஆளை முழுங்கும். மழை பெய்து நிறைந்துவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. ஏறவும் முடியாது, களிமண் வழுக்கும். செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகளும் இப்படித்தான்.

தண்ணீர் வற்றியிருக்கும் வைகாசியில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் குழிகளைக் காட்டி, கரையில் அவற்றுக்கு நேராகச் சிவப்புத் துணி கட்டிய கம்பு நடுங்கள். தை மாதத்தில் அந்தக் கம்புதான் பேசும்.

ஆற்றில் கணுக்காலளவுதான் ஓடுகிறது. அதற்குமா விதி?

கெடிலமும் பெண்ணையும் வருடத்தில் பல மாதம் மணல்தான். ஆபத்து மணல் அள்ளிய பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்தின் ஓரம் காலடியில் சரியும், சரிந்த மணலோடு பிள்ளையும் இறங்கும்; மேலே வர மிதித்தால் மறுபடி சரியும். தடுப்பணைக்குக் கீழே வழிந்து விழும் தண்ணீர் அடியை அரித்துக் குழியாக்கியிருக்கும். அங்கே தண்ணீர் சுழன்று அணைப்பக்கமே திரும்ப இழுக்கும். மேலே பாசி படிந்த சிமெண்ட் வழுக்கும். ஆகவே தடுப்பணைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஐப்பசி முதல் மார்கழி வரை இன்னொன்று சேரும். நம் ஊரில் வெயில் காய்ந்தாலும் மேற்கே பெய்த மழை இங்கே வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிவந்து கடலூர்ப் பகுதியை மூழ்கடித்தது. தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ, துணியைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும்.

நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டால் இதெல்லாம் தேவையில்லைதானே?

நீச்சலும் வேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல், தண்ணீர்ப் பாதுகாப்பு, பத்திரமான மீட்பு மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நீச்சல் மட்டும் கற்ற பிள்ளை ஆழத்துக்குத் துணிந்து போகும். கற்பிக்கும்போது முதலில் மல்லாந்து மிதக்கப் பழக்குங்கள், அதுதான் உதவி வரும்வரை தாங்கும்.

அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லலாமா?

ஐந்து வயதுக்குக் கீழ் விதி நிற்காது. அவர்களுக்கு வேலிதான் பாடம்: கிணற்றுக்கு மூடி, தொட்டிக்கு மூடி, வாசலுக்குப் படல். வாளியில் ஒரு சாண் தண்ணீர்கூட ஆபத்து.

பேய் இருக்கிறது, முனி இழுக்கும் என்று பயமுறுத்தினால் கேட்கிறார்களே?

எட்டு வயதுவரை கேட்பார்கள், பிறகு துணிச்சல் காட்டவே போவார்கள். அதைவிடக் கெடுதல் அடிக்குப் பயப்படுவது. சொல்லாமல் குளிக்கப் போன பிள்ளைகள், ஒருவன் முழுகியதும் மற்றவர்கள் துணியை எடுத்துக்கொண்டு வீட்டில் வந்து பதுங்கிக்கொள்வார்கள். மாலையில்தான் விஷயம் வெளியே வரும். அதனால் வகுப்புக்குப் பெற்றோரையும் வரச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் ஒரு வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்: "நீ சொல்லாம போயிருந்தாலும், ஓடியாந்து சொன்னா அடிக்கமாட்டோம்." நாடகத்தில் ஓடிவருகிற பிள்ளையிடம் பெரியவர் வேடத்தில் இருப்பவர், "எங்க? காட்டு" என்று மட்டுமே கேட்க வேண்டும். "ஏன் போனீங்க?" என்ற கேள்வி அங்கே வரக்கூடாது.

வெளியே எடுத்த பிறகு என்ன செய்வது?

வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சு இல்லாமல் நான்கைந்து நிமிடம் போனாலே மூளை பாதிக்கத் தொடங்கும்.

தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால், பயிற்சி பெற்ற பெரியவர் உடனே தொடங்க வேண்டும். மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். மார்பு எழுவது தெரிய வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 அமுக்கு, இரண்டு மூச்சு, மறுபடி 30. பிள்ளைக்கு சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். தண்ணீரில் மூழ்கியவருக்குக் குறைவது காற்று, அதனால் மார்பை மட்டும் அமுக்கினால் போதாது. வாந்தி வந்தால் உடம்பை ஒருக்களித்துத் துடைத்துவிட்டுத் தொடரலாம். எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வருவதுண்டு.

பிள்ளைகளின் வேலை 108. ஊர்ப் பெயர், ஒன்றியம், அருகிலுள்ள கோயில் அல்லது பாலம், எத்தனை பேர் என்பதை நாடகத்தில் சொல்லிப் பழகட்டும். ஒரு பிள்ளை ஓடிப்போய்ச் சாலை முனையில் நிற்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குப் படித்துறைக்குப் போகும் வண்டிப்பாதை தெரியாது.

வருடத்தில் எத்தனை முறை, எப்போது நடத்துவது?

மூன்று முறை. முழுஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் ஒன்று. மழை தொடங்குமுன் புரட்டாசியில் ஒன்று. பொங்கல் விடுமுறைக்கு முன் ஒன்று, ஏனென்றால் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரையில் ஊரே கூடும். கோடை வகுப்பில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: விடுமுறைக்கு வெளியூரிலிருந்து மாமா வீடு, அத்தை வீடு என்று வரும் பிள்ளைகளுக்கு நம் குளத்தின் குழி தெரியாது. வந்த அன்றே குழியையும் கேன் தொங்கும் மரத்தையும் காட்டுவது உள்ளூர்ப் பிள்ளையின் பொறுப்பு.

ஒவ்வொரு முறையும் கயிற்றை இழுத்துப் பாருங்கள், வெயிலில் பொடிந்திருந்தால் மாற்றுங்கள். கேன் காணாமல் போவதும் உண்டு. யாராவது மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க எடுத்துப் போயிருப்பார்கள். கேனின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் அது மிதவை இல்லை. மூடியை இறுக்கி வாளிக்குள் அமுக்கிப் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.